‘மௌனம் சம்மதம்’... ஐ.நா.வில் இப்படியும் முடிவெடுக்கிறார்களா? 72 மணி நேர ‘மௌன நடைமுறை’ என்றால் என்ன?

மாதக்கணக்கில் பேசியாச்சு. வரைவு பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் சில நாடுகள் “இன்னும் கொஞ்சம் பேசலாம்” என்றே சொல்கின்றன. இந்த இடத்தில் பேச்சுவார்த்தையை நடத்துபவர் என்ன செய்வார்?

சர்வதேச அரங்கில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ‘இதுதான் இறுதி வரைவு. இந்தத் தேதி, இந்த நேரத்துக்குள் யாரும் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், எல்லோரும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்’ என்று கடிதம் அனுப்பிவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் ‘மௌன நடைமுறை’. நம்ம ஊரில் சொல்லும் ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பதை அப்படியே விதியாக்கியது போல!

ஐ.நா., நேட்டோ போன்ற அமைப்புகளில் இது நீண்ட நாளாகவே புழக்கத்தில் உள்ளது. 2020ஆம் ஆண்டு இதே முறையில் சுற்றுக்கு விடப்பட்ட ஒரு முக்கிய ஆவணத்தை, 6 நாடுகள் சேர்ந்து தடுத்து நிறுத்தின. அதில் இந்தியாவும் ஒன்று.

கொரோனா காலத்தில் என்ன நடந்தது?

ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் உறுப்பினர்கள். வழக்கமாக எல்லோரும் நியூயார்க்கில் ஒரே அரங்கில் கூடித்தான் தீர்மானங்களை நிறைவேற்றுவார்கள். ஒருமித்த கருத்து இல்லையென்றால் வாக்கெடுப்பு நடக்கும்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் அரங்கில் கூட முடியாத நிலை வந்தது. அதனால் மார்ச் 27ஆம் தேதி பொதுச்சபை ஒரு சிறப்பு முடிவை எடுத்தது. அதன்படி, கூட்டம் நடத்த முடியாத சூழலில் பொதுச்சபைத் தலைவர் வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்பலாம். குறைந்தபட்சம் 72 மணி நேரம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் யாரும் மௌனத்தைக் கலைக்கவில்லை என்றால் வரைவு நிறைவேறியதாகக் கருதப்படும். பிறகு கூட்டம் நடக்கும்போது அதைப் பதிவு செய்துகொள்வார்கள்.

நடைமுறை எப்படி நகரும்?

முதலில் பேச்சுவார்த்தை. இதை நடத்த பொதுச்சபைத் தலைவர் பெரும்பாலும் இரண்டு நாடுகளின் தூதர்களை ஒருங்கிணைப்பாளர்களாக நியமிப்பார். அவர்கள் முதல் வரைவை எழுதி, நாடுகளின் கருத்துகளைக் கேட்டு, பத்தி பத்தியாகத் திருத்துவார்கள்.

ஒரு கட்டத்துக்கு மேல் வரைவில் பெரிய மாற்றம் வராது. ஒரு நாடு கேட்கும் வார்த்தையைச் சேர்த்தால் இன்னொரு நாடு எதிர்க்கும். அப்போது எல்லோராலும் சகித்துக்கொள்ளக்கூடிய ஒரு வடிவத்தை ஒருங்கிணைப்பாளர்களே எழுதுவார்கள். யாருக்கும் முழுத் திருப்தி தராத, ஆனால் யாரும் எழுந்து எதிர்க்கும் அளவுக்குப் போகாத வரைவு அது. அதைத்தான் மௌன நடைமுறையில் சுற்றுக்கு விடுவார்கள்.

இங்கேதான் சுமை இடம் மாறுகிறது. அதுவரை, சம்மதம் வாங்க வேண்டிய பொறுப்பு வரைவை எழுதியவர்களுடையது. கடிதம் போன பிறகு, எதிர்ப்பைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எதிர்ப்பவருடையது. “எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. நாட்டின் பெயரைப் போட்டு, எந்த இடத்தில் பிரச்சனை என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். மற்ற நாடுகளுக்கும் அது தெரிந்துவிடும்.

அந்த அளவுக்குப் போக வேண்டிய விஷயமா இது என்று ஒவ்வொரு நாடும் யோசிக்கும். சின்னச் சின்ன அதிருப்திகள் அந்த இடத்திலேயே கரைந்துவிடும். உண்மையிலேயே விட்டுக்கொடுக்க முடியாத எதிர்ப்பு மட்டும் வெளியே வரும்.

இந்தியா மௌனம் கலைத்தது ஏன்?

ஐ.நா. சாசனம் கையெழுத்தானது 1945 ஜூன் 26. அதன் 75ஆம் ஆண்டையொட்டி உலகத் தலைவர்கள் ஏற்கும் ஒரு பிரகடனம் தயாரானது. கத்தாரும் ஸ்வீடனும் ஒருங்கிணைப்பாளர்கள். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2020 ஜூனில் வரைவு மௌன நடைமுறைக்கு வந்தது.

அவகாசம் முடிவதற்குள் பிரிட்டன் தூதரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளின் சார்பிலும் எழுதப்பட்ட கடிதம் அது. அவர்கள் எதிர்த்தது முழுப் பிரகடனத்தையும் அல்ல, ஒரே ஒரு சொற்றொடரைத்தான்.

‘பொதுவான எதிர்காலம் குறித்த நமது பகிரப்பட்ட பார்வை’ என்ற பொருளில் அந்த வரி இருந்தது. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால், ‘மனிதகுலத்துக்கான பகிரப்பட்ட எதிர்காலம்’ என்பது சீன அதிபர் ஷி ஜின்பிங் தொடர்ந்து முன்வைக்கும் வெளியுறவுக் கொள்கை முழக்கம். ஒரு நாட்டின் ஆளுங்கட்சி முழக்கத்தை நினைவூட்டும் வரி, ஐ.நா.வின் பொது ஆவணத்தில் இடம்பெறக் கூடாது என்பதுதான் பிரச்சனை. லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீன வீரர்கள் மோதிக்கொண்டதும் இதே ஜூன் மாதத்தில்தான்.

எதிர்ப்பு எந்த வரியில் என்று தெளிவாகத் தெரிந்ததால், சரிசெய்ய வேண்டிய இடமும் தெளிவாகத் தெரிந்தது. பேச்சுவார்த்தை முதலில் இருந்து தொடங்கவில்லை. ‘இன்றைய, வரும் தலைமுறைகளின் பொதுவான எதிர்காலத்துக்காக’ இணைந்து செயல்படுவோம் என்ற பொருளில் அந்த வரி மாற்றப்பட்டது. ‘எதிர்காலம்’ இருந்தது, ‘பகிரப்பட்ட பார்வை’ போய்விட்டது. 2020 செப்டம்பர் 21ஆம் தேதி பிரகடனம் நிறைவேறியது.

மௌனம் கலைந்தால் அடுத்து என்ன?

இந்தப் பிரகடனத்தில் நடந்தது ஒரு வழி: எதிர்த்தவர்களுடன் பேசி, அந்த இடத்தை மட்டும் மாற்றி, மீண்டும் முன்வைப்பது. இரண்டாவது வழி, வரைவைக் கைவிடுவது. மூன்றாவது, விதிகள் அனுமதித்தால் வாக்கெடுப்புக்குப் போவது.

ஆனால் 2020 மார்ச்சுக்குப் பிறகு சில மாதங்கள் மூன்றாவது வழி ஐ.நா. பொதுச்சபையில் நடைமுறையில் இல்லாமல் போனது. அதுதான் இந்த முறையின் பெரிய பலவீனத்தை வெளியே கொண்டுவந்தது.

ஒரே ஒரு நாடு போதுமா?

ஆமாம், போதும். சாதாரணமாகப் பொதுச்சபையில் பெரும்பான்மை இருந்தால் தீர்மானம் நிறைவேறும். முக்கிய விவகாரங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆக, பொதுச்சபையில் யாருக்கும் வீட்டோ கிடையாது. ஆனால் மௌன நடைமுறையில் ஒரு நாடு கடிதம் எழுதினாலே வரைவு நின்றுவிடும். அதாவது, 193 நாடுகளுக்கும் வீட்டோ கிடைத்தது போல ஆகிவிடுகிறது.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் கொரோனா தொடர்பாக இரண்டு வரைவுகள் போட்டியாக வந்தன. ஒன்று யாரும் எதிர்க்காமல் ஏப்ரல் 2ஆம் தேதி நிறைவேறியது. ரஷ்யா கொண்டுவந்த மற்றொன்றுக்குச் சில நாடுகள் ஆட்சேபம் தெரிவித்ததால் அது அத்துடன் நின்றது.

அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று கொரோனா குறித்த விரிவான தீர்மானம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. 169 நாடுகள் ஆதரவு. அமெரிக்கா, இஸ்ரேல் ஆகிய 2 நாடுகள் எதிர்ப்பு. 2 நாடுகள் வாக்களிக்கவில்லை. தீர்மானம் எளிதாக நிறைவேறியது. இதே தீர்மானத்தை மௌன நடைமுறையில் விட்டிருந்தால், அந்த இரண்டில் ஒரு நாடு எழுதியிருந்தாலே கதை முடிந்திருக்கும்.

72 மணி நேரம் உண்மையில் எவ்வளவு?

கேட்க மூன்று நாள். ஆனால் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உதாரணத்துக்கு, கோடைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நியூயார்க் நேரப்படி மாலை 5 மணிக்குக் கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கெடு திங்கள் மாலை 5 மணி. டெல்லியில் அது சனிக்கிழமை அதிகாலை 2.30 முதல் செவ்வாய் அதிகாலை 2.30 வரை. நடுவில் முழுதாகக் கிடைக்கும் அலுவலக நாள் திங்கள் மட்டும்தான். அந்த ஒரே நாளில் வரைவைப் படித்து, துறைகளிடம் கருத்துக் கேட்டு, நியூயார்க்குக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

பெரிய நாடுகள் சமாளித்துவிடும். நியூயார்க்கில் மிகச் சில அதிகாரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பல வரைவுகளைப் பார்க்க வேண்டிய சிறிய நாடுகளுக்கு அது கஷ்டம். அப்படிப்பட்ட நாட்டின் மௌனம் சம்மதமா, இல்லை நேரம் கிடைக்காததா? கெடு முடிந்த பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. வரைவு நிறைவேறிய பிறகும் நாடுகள் தங்கள் நிலைப்பாட்டை விளக்கி அறிக்கை தரலாம். ‘தடுக்க விரும்பவில்லை, ஆனால் இந்தப் பத்தியுடன் எங்களுக்கு உடன்பாடு இல்லை’ என்ற வகை அறிக்கைகள் வரிசையாக வந்தால், மௌனத்துக்குப் பின்னால் சம்மதம் குறைவு என்று புரிந்துகொள்ளலாம்.

கெடு வைத்தால் கருத்து வேறுபாடு தீர்ந்துவிடுமா?

இல்லை. இதற்கு நேட்டோவில் 2003ஆம் ஆண்டு நடந்தது நல்ல உதாரணம். இராக் போருக்கு முன்பு, துருக்கியைப் பாதுகாக்கும் ராணுவத் திட்டமிடலைத் தொடங்குவது பற்றி உறுப்பு நாடுகளிடையே வாரக்கணக்கில் இழுபறி. போர் வரும் என்று ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

கடைசியில் பொதுச்செயலாளர் ராபர்ட்சன் பிப்ரவரி 10ஆம் தேதியைக் கெடுவாக வைத்தார். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளும் மௌனம் கலைத்தன. எதிர்ப்பு அடிப்படையானது என்பதால் ஒரு வார்த்தையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் விவகாரம் பிரான்ஸ் அங்கம் வகிக்காத பாதுகாப்புத் திட்டமிடல் குழுவுக்கு மாற்றப்பட்டது. ஜெர்மனியும் பெல்ஜியமும் இறங்கிவந்த பிறகு அங்கேதான் முடிவு எட்டப்பட்டது.

2020 ஜூனில் 6 நாடுகளின் பிரச்சனை ஒரு வரியில் இருந்தது, அதனால் கெடு வைத்தது உதவியது. 2003இல் பிரச்சனை முடிவிலேயே இருந்தது, அதனால் கெடு வைத்ததும் பிளவு உலகத்துக்கே தெரிந்துபோனது. நாடுகளுக்கு இடையே மிச்சம் இருப்பது வார்த்தைச் சண்டையா, கொள்கைச் சண்டையா என்பதைக் கணித்த பிறகே ஒருங்கிணைப்பாளர்கள் மௌனக் கடிதத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்பு சரியா தப்பா என்பது கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.