கோடுகளுக்கு வெளியே ஓர் 9

தருமபுரி நடுகற்கள் குறித்த சிறுநூலின் பின்னட்டையைப் பிடிஎஃப் ஆக்கியபோது, பார்கோட்டின் இடப்புறம் தனித்து நின்ற 9ஐ வழிதவறிய எண்ணென்று கருதி நீக்கிவிட்டோம். கல்லின் கருநிறப் படத்தையும் முதற்கோடு வரை நெருக்கினோம். மாதிரி அட்டையைக் கைபேசி சில வேளை படித்தது; கடைக்கருவியோ வாய் திறக்கவில்லை.

அந்த 9க்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் அமெரிக்கக் கடைக்கு வந்த பார்கோட்டில் 12 இலக்கங்களே. பின்னர் ஐரோப்பியர் 13ஆவதைச் சேர்த்தபோது கோடுகளைக் கூட்டவில்லை; இடப்பாதியின் ஆறு இலக்கங்களுக்கான கோட்டமைப்பை மாற்றி, அதனுள் முதல் இலக்கத்தை ஒளித்தார்கள். தனக்கெனக் கோடில்லாத அவ்விலக்கம் ஓரத்து வெற்றிடத்தில் அச்சாகிறது. 2007இல் ஐ.எஸ்.பி.என்னும் 13 இலக்கமானது.

கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதைக் கருவி அவ்வெற்றிடத்தைக் கொண்டே அறிகிறது. முழு அளவில் மிக மெல்லிய கோடு 0.33 மி.மீ.; இடப்புறம் அதைப்போல் 11 மடங்கும் (3.63 மி.மீ.) வலப்புறம் 7 மடங்கும் (2.31 மி.மீ.) வெறுமையாக இருக்கவேண்டும். இடப்புற வெறுமையில் அந்த 9க்கு மட்டும் விலக்கு.

ஆகவே கல்லின் மீது 37.29 மி.மீ. அகலத்தில் வெள்ளைக் கட்டமொன்றை இட்டு, பார்கோட்டைச் சுருக்காமல், கோடுகளைத் தனிக்கறுப்பில் வைத்தோம். 9 தன் இடத்துக்குத் திரும்பியது. கல்லின் ஓரத்தில் சிறிது மறைந்ததுதான் எங்களுக்கு வருத்தம். அடுத்த மாதிரியைக் கடைக்கருவி உடனே படித்தது.