கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டினால் என்ன ஆகும்? கடன் குறையுமா, கூடுமா?

கிரெடிட் கார்டு பில் வந்ததும் அதில் இரண்டு தொகைகள் கண்ணில் படும். ஒன்று மொத்த பாக்கி, இன்னொன்று மினிமம் டியூ. 40 ஆயிரம் ரூபாய் பில்லுக்கு 2 ஆயிரம் கட்டினால் போதும் என்று இருந்தால், பலருக்கும் ஒரு நிம்மதி வரும். ஆனால் கூகுளில் 'மினிமம் டியூ' என்று தேடினால், தொடர்புடைய கேள்விகளாக வரிசை கட்டி நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் குழப்பங்கள்தான். அவற்றில் முக்கியமானவற்றுக்கு இதோ விளக்கம்.

மினிமம் டியூ கட்டினால் வட்டி வருமா?

வரும். மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் கிடையாது, கணக்கு 'கட்டத் தவறியது' என்று பதிவாகாது. அது தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். மீதித் தொகைக்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அதுவும் கடைசி தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

எவ்வளவு வட்டி வரும்?

ஒரு உதாரணம் பார்ப்போம். குமார் என்பவர் மார்ச் 10-ம் தேதி 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறார். ஏப்ரல் 5-ல் பில் வருகிறது. கடைசி தேதி ஏப்ரல் 25. மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். அதை மட்டும் கடைசி நாளில் கட்டுகிறார்.

மீதி 38,000 ரூபாய். கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அது 42 சதவீதம். ஒரு நாள் வட்டி சுமார் 44 ரூபாய். மார்ச் 10 முதல் அடுத்த பில் வரும் மே 5 வரை 56 நாட்கள். வட்டி சுமார் 2,449 ரூபாய். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 441 ரூபாய். ஆக மொத்தம் 2,890 ரூபாய்.

கட்டியது 2,000, சேர்ந்தது 2,890. புதுசா எதுவும் வாங்காமலேயே மே மாத பில்லில் பாக்கி 40,890 ரூபாயாக நிற்கும்!

அடுத்த மாதம் மினிமம் டியூ ஏன் எகிறுது?

கடன் இப்படியே வளர்ந்துகொண்டே போகாதபடி மினிமம் டியூவைக் கணக்கிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் பல வங்கிகள் அசலில் 5 சதவீதத்தோடு வட்டியையும் வரியையும் சேர்த்துக் கேட்கும். குமாருக்கு அசலில் 1,900, வட்டியும் வரியும் 2,890, மொத்தம் 4,790 ரூபாய். இதைக் கட்டினாலும் அசல் குறைவது 1,900 ரூபாய்தான்.

புதுசா வாங்கும் பொருளுக்கும் வட்டி உண்டா?

உண்டு. பழைய பாக்கி கொஞ்சம் இருந்தாலும் வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை போய்விடும். அந்த நேரத்தில் கார்டில் வாங்கும் மளிகைக்கும், போடும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே பாக்கி தீரும் வரை அந்த கார்டைத் தேய்க்காமல் இருப்பதே நல்லது.

முழுசா கட்ட முடியலைன்னா என்ன செய்யலாம்?

வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், கையில் இருப்பதைக் கடைசி தேதி வரை வைத்திருக்காமல் உடனே கட்டலாம். 2,000-க்குப் பதில் 15,000 கட்டினால் வட்டி 25,000-க்கு மட்டும்தான்.

அடுத்த வழி, கடைசி தேதிக்கு முன்பே பாக்கியை இஎம்ஐ-யாக மாற்றுவது. இதன் வட்டி பெரும்பாலும் கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் செயலாக்கக் கட்டணமும், வட்டி மீது ஜிஎஸ்டியும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, நகைக் கடன் வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும்.

சிபில் ஸ்கோர் குறையுமா?

மினிமம் டியூவை நேரத்துக்குக் கட்டினால் 'கட்டத் தவறியவர்' என்ற பதிவு வராது. ஆனால் கார்டு வரம்பு 50,000 ரூபாயாக இருந்து, மாதக்கணக்கில் 40,000 பாக்கியாகவே நின்றால், வரம்பில் பெரும்பகுதியைப் பயன்படுத்துபவர் என்று காட்டும். அது ஸ்கோரை இழுத்துவிடும்.

முழுசா கட்டிய பிறகும் ஏன் வட்டி வந்தது?

பில் போட்ட நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில்தான் வரும். குமார் மே 5-ம் தேதி பில்லை மே 20-ல் முழுசா கட்டினாலும், அந்த 15 நாள் வட்டி ஜூன் பில்லில் இருக்கும். தப்பா போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதை விட்டுவிடக் கூடாது. சின்னத் தொகைதானே என்று பாக்கி வைத்தால், வட்டியில்லா சலுகை மறுபடியும் போய்விடும்.