உயர்வகுப்பு இருக்கைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு எகானமி வகுப்பில் சீட்டு வாங்கிய சில நாட்களில், ‘பிசினஸ் வகுப்புக்கு மாற விருப்பமா? விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்று மின்னஞ்சல் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. விமானம் மேலெழும்பிய கணத்தில், விற்காத இருக்கை மதிப்பற்றுப் போகிறது. அதற்கு முன்பாக, ஏற்கெனவே சீட்டு வாங்கியவரிடமிருந்தே கூடுதலாக ஒரு தொகையைப் பெற்றுவிட வேண்டும் என்பதுதான் இந்த அழைப்பின் பின்னுள்ள கணக்கு. கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த பிளஸ்கிரேட் என்னும் நிறுவனம் உலகின் பல விமான நிறுவனங்களுக்கு இந்த ஏலத்தை நடத்திக்கொடுக்கிறது. ஆகவே, நிறுவனம் எதுவானாலும் திரையில் தோன்றும் பக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

அந்தப் பக்கம் நம் கண்முன் வைக்கும் ஒப்பீடு, பிசினஸ் வகுப்பின் முழு விலை. ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கை நாற்பதாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று மனம் கணக்குப் போடுகிறது. நான் அந்த ஒப்பீட்டை ஏற்பதில்லை. ஒன்றரை லட்சத்துக்கு அதை நான் வாங்கியிருக்கப்போவதில்லை. எனவே, எனக்கு அதில் மிச்சம் என்று எதுவும் இல்லை. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இந்தப் பணத்துக்கு எத்தனை மணிநேரம் கால் நீட்டிப் படுத்து உறங்குவேன்?

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக மெல்பர்ன் சென்ற ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். பயணிகள் இருவர், நானும் என் மனைவியும். முதல் கட்டம் நண்பகலில் புறப்பட்டு நான்கு மணிநேரம். இரண்டாவது கட்டம் இரவில் புறப்பட்டு எட்டு மணிநேரம். ஏலம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியானது. முதல் கட்டத்துக்குக் குறைந்தபட்சத் தொகை தலைக்கு 14,000 ரூபாய், இரண்டாவதற்கு 32,000. திரையில் தெரிவது ஒருவருக்கான தொகை மட்டுமே. ஒரே முன்பதிவில் உள்ள எல்லோருக்கும் சேர்த்தே ஏலம் கேட்க வேண்டும் என்பதால், கடைசிப் பக்கத்தில் அது இரட்டிப்பாகும். அயல்நாட்டு நாணயத்தில் கேட்கப்பட்டால், கடன் அட்டை வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

முதல் கட்டத்தின் 14,000 மலிவாகத் தோன்றும். ஆனால் அது பகல் பயணம், உறங்கப் போவதில்லை. மேலும், அந்தக் கட்டத்தில் பறந்தது போயிங் 737. இத்தகைய ஒற்றை நடைபாதை விமானங்களில் பிசினஸ் வகுப்பு என்பது பெரும்பாலும் அகலமான சாய்வு நாற்காலிதான், படுக்கை அன்று. எந்த விமானம் என்பது முன்பதிவு விவரத்திலேயே இருக்கும். இருக்கை வரைபடத்தில் வரிசைக்கு 2-2 என்று இருந்தால் நான் சந்தேகப்படுவேன். 1-2-1 என்று இருந்தால் பெரும்பாலும் தட்டையாக விரியும் படுக்கை கிடைக்கும். ஒரு நல்ல சாப்பாட்டுக்கும் நான்கு மணிநேர அகல இருக்கைக்கும் இருவருக்கு 28,000 கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கட்டத்தின் எட்டு மணிநேரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி, காலை உணவுக்கும் இறங்குவதற்கும் ஒன்றரை மணி போனால் ஐந்து மணிநேர உறக்கம் எஞ்சும். நான் தலைக்கு 36,500 கேட்டேன். உறக்கத்தின் மணிக்கு 7,300 ரூபாய். தனியாகப் பார்த்தால் ஆடம்பரம்தான். ஆனால், அறுபதைக் கடந்த, முதுகுவலி உள்ள இருவர் விடிய விடிய உட்கார்ந்து சென்றால், இறங்கியபின் இரண்டு நாட்கள் படுக்கையில் கழியும். பத்து நாள் பயணத்தில் அந்த இரண்டு நாட்களை மீட்பதற்கான விலை என்று நாங்கள் முடிவு செய்தோம். முப்பது வயதில் இதே கணக்கு எதிர்த்திசையில் முடிந்திருக்கும்.

குறைந்தபட்சத்துக்கு மேல் 4,500 மட்டும் ஏன்? ஏலப் பக்கத்தில் ‘வலுவானது’, ‘பலவீனமானது’ என்று முள் ஒன்று ஆடும். மற்றவர்கள் இந்நேரம் எவ்வளவு கேட்டிருக்கிறார்கள் என்பதை அது சொல்வதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அதைவிட நம்பகமான வழி, அதே விமானத்தில் பிசினஸ் வகுப்புக்குப் புதிதாகச் சீட்டு வாங்குவதுபோலத் தேடிப் பார்ப்பது. ஒன்பது பேருக்குக் கேட்டும் அவ்வகுப்பின் குறைந்த கட்டணத்திலேயே கிடைக்கிறது என்றால் காலியிடம் ஏராளம். குறைந்தபட்சத்தைச் சற்றே தாண்டினால் போதும். இரண்டு பேருக்கே உச்ச விலை காட்டினால், உயர்த்திக் கேட்பதிலும் பெரிய பலனில்லை. எங்களுக்குப் புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு ஒப்புதல் வந்தது. அப்போதுதான் அட்டையில் பணம் பிடிக்கப்பட்டது. அதன்பின் மனம் மாறினாலும் பணம் திரும்பாது. எகானமியில் முன்கூட்டியே கட்டணம் கொடுத்துத் தேர்ந்த இருக்கைகளின் தொகையும் பொதுவாகத் திரும்பாது. ஆகவே, ஏலம் கேட்கும் எண்ணம் இருந்தால் அந்தச் செலவைத் தள்ளிப்போடுவது நல்லது.

மைல்களைக் கொண்டு உயர்த்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கட்டத்துக்குத் தலைக்கு 30,000 மைல்கள் தேவைப்பட்டன. 36,500 ரூபாய்க்கு ஈடாக 30,000 மைல்கள் என்றால், ஒரு மைலின் மதிப்பு ஏறத்தாழ 1 ரூபாய் 20 காசு. அதே மைல்களால் எகானமி சீட்டு வாங்கினால் எனக்குக் கிடைப்பது மைலுக்கு 80 காசு அளவே. மேலோட்டமாக, மைல்களே சிறந்த வழி. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மிக மலிவான கட்டணப் பிரிவில் வாங்கிய சீட்டை மைல்களால் உயர்த்த அனுமதி இல்லை. பல நிறுவனங்களில் இதுவே நிலை. அனுமதிக்கும் பிரிவில் வாங்கத் தலைக்கு 12,000 ரூபாய் கூடுதல். அதைக் கழித்தால் 24,500 ரூபாய்க்கு 30,000 மைல்கள். மதிப்பு 82 காசுக்கு இறங்கிவிடுகிறது. போதாததற்கு, மைல்களுக்கென ஒதுக்கிய இருக்கை இல்லையெனில் காத்திருப்புப் பட்டியல்தான். கூடுதல் கட்டணமோ முன்பே கையைவிட்டுப் போயிருக்கும். மைல்கள் காலாவதியாகும் தறுவாயில் இருந்திருந்தால் மட்டுமே அந்த வழியில் போயிருப்பேன்.

லண்டனிலிருந்து புறப்படுவோர் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிரிட்டன் அரசின் பயணியர் வரி, நெடுந்தூரப் பயணத்தில் எகானமிக்கு ஒன்று, அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு அதைப்போல் இருமடங்குக்கும் அதிகம். மைல்களால் உயர்த்தினாலும் அந்த வித்தியாசத்தைப் பணமாகத்தான் கட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, விமான நிலையக் கவுன்டரில் சொல்லப்படும் விலை. நல்ல உடை அணிந்து சிரித்துக் கேட்டால் இலவசமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. எகானமியில் இடமில்லாமல் சிலரை மேலே ஏற்ற நேர்ந்தாலும், முதலில் பார்க்கப்படுவது நிறுவனத்தின் உறுப்பினர் தகுதிதான். சட்டையின் மடிப்பு அன்று. விலைகொடுத்து மாறுவதில் ஒரு வசதி உண்டு: காத்திருப்பு இல்லை, இருக்கை எண் கையோடு கிடைக்கும். காலியிடம் நிறைய இருக்கும் நாளில் ஏலத்தின் குறைந்தபட்சத்துக்கும் கீழே விலை சொல்லப்படுவதுண்டு. ஆனால், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது முடிவெடுக்க வேண்டியிருப்பதால், நான் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே என் உச்சத் தொகையைக் குறித்துக்கொள்வேன்.

கவுன்டரில் பணம் கொடுப்பதற்கு முன் நான் கேட்பவை சில உண்டு. சொன்ன விலை ஒரு கட்டத்துக்கா, முழுப் பயணத்துக்கா? இருவருக்கும் அருகருகே இடம் உண்டா? லவுஞ்ச் அனுமதி சேர்ந்ததா? கடைசி நேரத்தில் மாறுவோருக்கு எல்லா நிறுவனங்களும் அதைத் தருவதில்லை. கூடுதல் பெட்டிக்கான எடையும் அப்படியே. சைவ உணவு உறுதியா? மேல்வகுப்புச் சாப்பாடு முன்பே எண்ணி ஏற்றப்பட்டிருக்கும் என்பதால், எகானமியில் பதிந்த சைவத் தட்டு தானாக முன்னால் வந்து சேராது. விமானம் மாற்றப்பட்டு மேல்வகுப்பு இருக்கை இல்லாமல் போனால் இந்தத் தொகை எப்படித் திரும்பும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதிலும், உயர்த்திய தொகைக்குத் தனி ரசீதும் கிடைக்கும்வரை நான் அட்டையை நீட்டுவதில்லை.