மூன்றரை மணி பாங்கும் நாலரை மணி பாங்கும்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். சென்னைக்கு வேலைக்கு வந்து, ஒரு சின்ன வீட்டில் தங்கியிருக்கும் நேயர் ஒருவர் அனுப்பியிருந்தார். அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் இரண்டு பள்ளிவாசல்களின் சத்தம் கேட்குமாம். "சாயங்காலம் ஒண்ணுல மூணரை மணிக்குப் பாங்கு சொல்றாங்க. இன்னொண்ணுல நாலரை மணிக்குத்தான் சொல்றாங்க. வார்த்தை ஒண்ணுதான், ராகமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு ஒரு மணி நேர வித்தியாசம்? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

நான் எந்த மதத்தையும் பின்பற்றாதவன். சின்ன வயதில் பாங்கு கேட்கும்போதெல்லாம் அக்பர் சக்கரவர்த்தியைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பியவன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பதில் சொல்ல முதலில் மதீனாவுக்குப் போகணும், அப்புறம் மொட்டைமாடிக்கு ஒரு குச்சியோடு திரும்பி வரணும்.

கி.பி. 622-இல் முகம்மது நபியும் அவரோடு இருந்தவர்களும் மக்காவிலிருந்து மதீனாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். கூடித் தொழுவது தொடங்கியது. ஆனால் கடிகாரம் கிடையாது. ஆளாளுக்கு நேரத்தை உத்தேசமாகக் கணித்துக்கொண்டு வருவார்கள். சிலர் சீக்கிரம் வந்து காத்திருப்பார்கள், சிலர் தவறவிடுவார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்ட என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. யூதர்களைப் போலக் கொம்பு ஊதலாமா என்றார்கள். கிறிஸ்தவர்களைப் போல மரக்கட்டையைத் தட்டி ஒலி எழுப்பலாமா என்றும் கேட்டார்கள். எதுவும் முடிவாகவில்லை.

மரபான வரலாறு சொல்வது இது: அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற மதீனாக்காரர் ஒரு கனவு கண்டார். கனவில் வந்த ஒருவர், கருவி எதுவும் வேண்டாம், இந்த வார்த்தைகளைச் சொல்லி அழையுங்கள் என்று கற்றுக்கொடுத்தார். நபி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கனவு கண்டவரையே சொல்லச் சொல்லவில்லை. "பிலாலுக்குக் கற்றுக்கொடு, அவர் குரல் உன் குரலைவிட எட்டும்" என்ற பொருளில் சொன்னார்.

பிலால் யார் என்பதுதான் இங்கே முக்கியம். அபிசீனிய வம்சாவளி. மக்காவில் அடிமையாக இருந்தவர். புதிய மார்க்கத்தை ஏற்றதற்காக, அவருடைய எஜமானர் சுடுமணலில் படுக்கவைத்து நெஞ்சில் பாறையை ஏற்றிச் சித்திரவதை செய்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. அபூபக்கர் அவரை விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார். அந்த மனிதர்தான் பள்ளிக்குப் பக்கத்திலிருந்த ஒரு வீட்டின் கூரைமேல் ஏறி நின்று முதல் அழைப்பைச் சொன்னார். 630-இல் மக்கா முஸ்லிம்கள் கைக்கு வந்தபோது கஅபாவின் மேலேயே ஏறிச் சொன்னார். எந்த ஊரில் அவரை அடித்தார்களோ, அந்த ஊர்க்காரர்கள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, என்ன சொன்னார்? வார்த்தைகளை வரிசையாகப் பார்ப்போம். நம்ம பக்கத்தில் அதிகம் கேட்பது இந்த முறை.

"அல்லாஹு அக்பர்" நான்கு முறை. அக்பர் என்றால் "மிகப் பெரியவன்". அரபு இலக்கணப்படி இது ஒப்பிடும் சொல். எதைவிடப் பெரியவன் என்று வாக்கியம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. நீங்கள் இப்போது எந்த வேலையில் மூழ்கியிருக்கிறீர்களோ, அதைவிட என்று எடுத்துக்கொள்ளலாம். சக்கரவர்த்தி அக்பருக்கும் இதற்கும் சம்பந்தம், பெயரில் அதே சொல் இருக்கிறது என்பது மட்டும்தான்.

அடுத்து "அஷ்ஹது அன் லா இலாஹ இல்லல்லாஹ்" இரண்டு முறை. அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்று சாட்சி சொல்கிறேன். பிறகு "அஷ்ஹது அன்ன முஹம்மதர் ரசூலுல்லாஹ்" இரண்டு முறை. முகம்மது அவனுடைய தூதர் என்று சாட்சி சொல்கிறேன். கவனிங்க, இதுவரை யாரையும் அழைக்கவே இல்லை. சொல்கிறவர் தன்னைப் பற்றி, தான் எதை நம்புகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அழைப்பு இப்போதுதான் வருகிறது. "ஹய்ய அலஸ் ஸலாஹ்", தொழுகைக்கு வாருங்கள், இரண்டு முறை. "ஹய்ய அலல் ஃபலாஹ்", வெற்றிக்கு வாருங்கள், இரண்டு முறை. ஃபலாஹ் என்ற சொல்லின் வேர் நிலத்தைப் பிளந்து உழுவதைக் குறிக்கும். உழவரைக் குறிக்கும் அரபுச் சொல்லும் இதே வேரில் இருந்துதான் வருகிறது. உழைத்து விளைவைப் பெறுகிற மாதிரியான வெற்றி.

கடைசியில் "அல்லாஹு அக்பர்" இரண்டு முறை, "லா இலாஹ இல்லல்லாஹ்" ஒரு முறை. மொத்தம் 15 வாக்கியங்கள். விடியற்காலைப் பாங்கில் மட்டும் "தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது" என்று இரண்டு முறை கூடுதலாக வரும். ஷியா பிரிவினர் சில வாக்கியங்களைக் கூட்டிச் சொல்வார்கள்.

இது தொழுகை அல்ல, பிரார்த்தனைப் பாட்டும் அல்ல. ஒரு அறிவிப்பு. அதனால்தான் சூழ்நிலைக்கு ஏற்ப மாறவும் முடியும். கடுமையான மழையும் குளிரும் இருந்தால் "உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள்" என்று அறிவிக்கிற வழக்கம் நபி காலத்திலேயே இருந்தது. மார்ச் 2020-இல் கொரோனா பரவியபோது குவைத்தில் பாங்கு சொன்னவர்கள் அதே பொருளில் "உங்கள் வீடுகளில் தொழுங்கள்" என்று சொன்னார்கள். உலகம் பூரா அந்த வீடியோ சுற்றியது. சொன்னவரின் குரல் உடைந்ததைக் கேட்டுப் பலரும் அழுதார்கள். கூடி வாருங்கள் என்று சொல்வதற்காகவே இருக்கிற அழைப்பு, வராதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நேரத்துக்கு வருவோம். தினமும் ஐந்து தொழுகை. தமிழ் முஸ்லிம்கள் சொல்கிறபடி சுபுஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா. ஐந்துக்கும் அடிப்படை சூரியன்தான். கிழக்கே முதல் வெளிச்சம் படுக்கைவாட்டில் பரவும்போது சுபுஹ். உச்சியைத் தாண்டி சூரியன் மேற்கே சாயத் தொடங்கினதும் லுஹர். பிற்பகலில் அஸர். சூரியன் முழுதாக மறைந்ததும் மஃரிப். மேற்கே அந்தி வெளிச்சம் அடங்கினதும் இஷா.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. சூரியன் உதிக்கிற நொடி, சரியாக உச்சியில் நிற்கிற நொடி, மறைகிற நொடி, இந்த மூன்றிலும் பொதுவாகத் தொழக்கூடாது என்பார்கள். உதிப்பதும் மறைவதும் சூரியனை வணங்குகிறவர்களின் நேரம், அந்தச் சாயல் வரக்கூடாது என்பது நபிமொழி சொல்லும் காரணம். சூரியன் இங்கே கடிகாரம், கடவுள் அல்ல.

நான்கு நேரங்களை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அஸர் மட்டும் தனியாக நிற்கிறது. பிற்பகலில் வானத்தில் எந்த அடையாளமும் இல்லை. அதனால் நிழலை அளந்தார்கள். இங்கேதான் நம்ம நேயரின் ஒரு மணி நேரம் ஒளிந்திருக்கிறது.

ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தின் அளவுக்கு வளர்ந்ததும் அஸர் என்பது ஷாஃபி சட்டப்பள்ளியின் முறை. மாலிகி, ஹன்பலி பள்ளிகளும் அப்படித்தான். ஹனஃபி பள்ளியில் பரவலாகப் பின்பற்றுவது இரண்டு மடங்கு உயரம். இரண்டிலும், நண்பகலில் ஏற்கெனவே இருந்த நிழலை அதோடு கூட்டிக்கொள்ளணும்.

மார்ச் 21 அன்று சென்னையில் 100 செ.மீ. குச்சியை மொட்டைமாடியில் நட்டு வையுங்கள். அன்றைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, சுமார் 12:16-க்கு. அப்போது நிழல் 23 செ.மீ. இருக்கும். அது 123 செ.மீ. ஆகும்போது மணி கிட்டத்தட்ட 3:35. ஷாஃபி பாங்கு. 223 செ.மீ. ஆகும்போது சுமார் 4:37. ஹனஃபி பாங்கு. நேயர் கேட்ட வித்தியாசம் அப்படியே கிடைத்துவிட்டது!

குச்சியை நட்டுப் பார்க்கிறவர்கள் வழக்கமாகத் தவறும் இடமும் இதுதான். நண்பகல் நிழலைக் கூட்ட மறந்து 100 செ.மீ. வந்ததும் நேரமாச்சு என்று நினைத்தால், சுமார் 3:10-க்கே முடிவுக்கு வந்திருப்பீர்கள். 25 நிமிடம் பிழை. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் மட்டும் இந்தப் பிழை வராது. அப்போது சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நண்பகல் நிழலே இருக்காது.

தமிழ்நாட்டில் இரண்டு வழக்கமும் இருக்கு. காயல்பட்டினம், கீழக்கரை மாதிரியான கடலோர ஊர்களில் ஷாஃபி வழக்கம் வலுவானது, அரபு நாடுகளுடனான கடல் வணிகத் தொடர்பின் தடம் அது. உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி. சென்னையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள்.

ஊர் மாறினால் நிழல் மாறும், நாள் மாறினாலும் மாறும். தினமும் அளப்பது சிரமம் என்பதால் பெரிய பள்ளிவாசல்களில் இதற்கென்றே வானியல் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்தார்கள். முவக்கித், அதாவது நேரம் குறிப்பவர் என்று பெயர். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் இந்த வேலை பார்த்த இப்னுல் ஷாத்திர், 1371-இல் அங்கே பளிங்கில் ஒரு பெரிய சூரியக் கடிகாரம் செய்தார். இன்று உங்கள் போனில் இருக்கும் தொழுகை நேர ஆப் அவர் செய்த அதே கணக்கைத்தான் செய்கிறது. அந்த ஆப்பின் செட்டிங்ஸில் அஸருக்கு மட்டும் ஷாஃபியா, ஹனஃபியா என்று கேட்கும். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. லண்டன் மாதிரி வடக்கே போனால், ஜூன் மாதத்தில் இரவு முழுக்க அந்தி வெளிச்சம் முழுதாக அடங்குவதே இல்லை. இஷா எப்போது தொடங்குகிறது என்று வானம் பதில் சொல்லாது. அங்கே அறிஞர்கள் வேறு விதிகளை வகுத்துக்கொள்கிறார்கள், அந்த விதிகளும் பள்ளிக்குப் பள்ளி மாறுபடும்.

ஆகவே, அந்த நேயருக்கு என் பதில்: சண்டை இல்லை. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே நிழலை. ஒருவர் ஒரு மடங்கு வந்ததும் சொல்கிறார், இன்னொருவர் இரண்டு மடங்குக்குக் காத்திருக்கிறார். நாளைக்கு மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். முதல் பாங்கு கேட்கும்போது நிழலில் ஒரு சாக்பீஸ் கோடு, இரண்டாவதுக்கு இன்னொரு கோடு. அளந்துவிட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.