புணர்ச்சி விதிகளும் அட்டவணைச் சுருக்கமும்: முத்தியால்பேட்டை என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

முன்னுரை

புணர்ச்சி இயலை அட்டவணையாகச் சுருக்கிக் கற்பிப்பது இன்றைய பள்ளி வழக்கு. ஓர் ஓரத்தில் நிலைமொழி ஈறு, அடுத்து வருமொழி முதல், அதன்பின் மாற்றம், இறுதியில் எடுத்துக்காட்டு என அது அமையும். இச்சுருக்கம் எங்கிருந்து வந்தது, அதில் எது விடுபடுகிறது என்பவற்றை லகர, ளகர ஈறுகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

சுருக்கத்தின் வரலாறு

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியல், மெய்யீறுகளை ஒவ்வொன்றாக எடுத்து விதி கூறுகிறது. லகர ஈற்றுக்கு வரும்போது அது னகர ஈற்றின் இயல்பினது என்றும், ளகர ஈற்றுக்கு வரும்போது ணகர ஈற்றின் இயல்பினது என்றும் ஒப்புமை காட்டுகிறது. முன்னர்க் கூறியதைப் பின்னர்ச் சுட்டுவதால் சொற்கள் மிஞ்சின. ஆயின் கற்பவர் னகர, ணகர விதிகளை முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் லகரத்தையும் ளகரத்தையும் ஒரே நூற்பாவில் இணைத்தார். வேற்றுமை, அல்வழி என்னும் தொடர்நிலைகளும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் வருமொழி வகைகளும் அந்நூற்பாவிலேயே அமைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் ‘இலக்கணச் சுருக்க’த்தில் இவ்விதிகளை உரைநடையாக்கி, எடுத்துக்காட்டுகளுடன் மாணவர்க்குத் தந்தார். நன்னூலின் அந்த ஒரு நூற்பாவிலேயே அட்டவணையின் கட்டங்கள் மறைந்துள்ளன:

| தொடர் | வருமொழி முதல் | மாற்றம் | எடுத்துக்காட்டு |
|---|---|---|---|
| வேற்றுமை | வல்லினம் | ல் → ற், ள் → ட் | கடல் + கரை = கடற்கரை; முள் + செடி = முட்செடி |
| அல்வழி | வல்லினம் | இயல்பாதலும் திரிதலும் | கல் + குறிது = கல்குறிது, கற்குறிது |
| இருவழி | மெல்லினம் | ல் → ன், ள் → ண் | கல் + மலை = கன்மலை; முள் + முடி = முண்முடி |
| இருவழி | இடையினம் | இயல்பு | முள் + வேலி = முள்வேலி |

இவற்றுள் முதல் நெடுவரிசையே இன்றியமையாதது. இடத்தை மிச்சப்படுத்த அதனை நீக்கி, ‘ல் + வல்லினம் = ற்’ என்று மட்டும் எழுதினால், அல்வழியில் வரும் ‘கல்குறிது’ பிழையெனத் தோன்றும்.

ஊர்ப்பெயர்ச் சோதனை

புதுச்சேரி நகரின் முத்தியால்பேட்டையை இவ்வட்டவணையில் இட்டுப் பார்ப்போம். நிலைமொழி ஈறு லகரம். வருமொழி முதல் வல்லினப் பகரம். தொடர் வேற்றுமைப் பொருளது. எனவே முதல் விதிப்படி ‘முத்தியாற்பேட்டை’ என வருதல் வேண்டும். ஆயினும் வழக்கில் முத்தியால்பேட்டை என்பதே நிலைத்துள்ளது.

அதே நகரின் முதலியார்பேட்டையை ஒப்பிட்டால் சிக்கல் தெளிவாகும். தேர் + கால் = தேர்க்கால் என ரகர ஈற்றின்முன் வல்லினம் மிகுவதைக் காட்டும் அட்டவணை, ‘முதலியார்ப்பேட்டை’ என்றே விடை தரும். இங்கு மிகாமைக்குக் காரணம், உயர்திணைப் பெயர்களின் ஈற்றுமெய் வல்லினம் வரினும் இயல்பாகும் என்னும் பொதுவிதி. இவ்விதி நன்னூலில் மெய்யீற்றுப்புணரியலில் இல்லை. அதற்கு முந்திய உயிரீற்றுப்புணரியலின் பொதுவிதிகளுள் உள்ளது. தொல்காப்பியத்திலும் இது புள்ளிமயங்கியலுக்கு முந்திய தொகைமரபில் இடம்பெறுகிறது. மெய்யீற்று இயலை மட்டும் அட்டவணையாக்குவோர் இதனைத் தவறவிடுவது இயல்பே.

முத்தியால்பேட்டைக்கு அவ்விதி பொருந்தாது. ‘முத்தியால்’ உயர்திணைப் பெயரன்று. அச்சொல், முத்துகளைக் குறிக்கும் ‘முத்யாலு’ என்னும் தெலுங்குப் பன்மைச் சொல்லோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது. அவ்வாறாயின் இதன் லகரம் ‘கடல்’, ‘கல்’ என்பவற்றின் லகரம் போன்றதன்று. ஈற்று உகரம் மருவியதால் எஞ்சியது. உகரம் நின்றிருப்பின் ‘முத்தியாலுப்பேட்டை’ என ஒற்று மிகும், திரிபுக்கே இடமில்லை.

இத்தகைய சொற்களுக்கும் நன்னூலார் இடம் வைத்துள்ளார். மெய்யீற்றுப்புணரியலை முடிக்கும் புறனடையில், கூறிய விதிக்கு அடங்காத இடைச்சொல், உரிச்சொல், வடசொல் ஆகியவற்றையும், போலி, மரூஉ என்பவற்றையும் வழக்கிற்கு ஏற்பப் புணர்த்துக என்கிறார். தெலுங்குச் சொல்லை அவர் பெயர் சுட்டிக் கூறவில்லையெனினும், மருவிய ஊர்ப்பெயர் இப்புறனடையின்கீழ் வரத் தடையில்லை.

முடிவுரை

மேற்கண்ட இரண்டு பெயர்களும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. அட்டவணை, நூலின் நடுப்பகுதியை முழுமையாகவே ஏற்கிறது. முன்னுள்ள பொதுவிதியும் பின்னுள்ள புறனடையுமே விடுபடுகின்றன. நூற்பாக்களை வரிசைமுறையில் கற்றவர்க்கு இவை இயல்பாகவே கிட்டின. தனித்தனிக் கட்டங்களைப் பார்ப்பவர்க்கு அவ்வரிசை புலப்படாது.

எனவே அட்டவணையின் தலைப்பில் ‘நிலைமொழி உயர்திணைப் பெயரா?’ என்னும் வினாவையும், அடியில் ‘பிறமொழிச் சொல்லும் மரூஉவும் வழக்கு நோக்குக’ என்னும் குறிப்பையும் சேர்த்தல் தகும். கூடுதலாவன இரண்டு வரிகளே. அவை இருப்பின் மாணவர் முதலியார்பேட்டையைப் பிழையென்று திருத்தார். முத்தியால்பேட்டையை ‘முத்தியாற்பேட்டை’ ஆக்கவும் மாட்டார்.