மூக்கு எழும்பாத வயதில் மூக்குக் கண்ணாடி: இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பிரேம் தெரிவு செய்வது எப்படி?

சிறுபிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும் என்று வைத்தியர் எழுதித் தந்த பின்னர், கடையில் பெற்றோர் முதலில் கேட்பது நிறத்தையும் விலையையும்தான். ஆனால் அந்தக் கண்ணாடி முகத்தில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: மூக்குப் பாலம், வில்லையின் அகலம், காதுக்குப் போகும் கையின் நீளம். பெரியவரின் பிரேமைச் சிறிதாக்கினால் சிறுபிள்ளையின் பிரேம் ஆகிவிடாது. இரண்டு, மூன்று வயதில் மூக்கின் மேற்பகுதி இன்னும் எழும்பவில்லை. தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். கண்ணாடியைத் தாங்க அங்கே எலும்பு மேடு இல்லை.

நாவலப்பிட்டியில் வசிக்கும் என் அக்காவின் மகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டரை வயதில், கிட்டே உள்ள பொருளை உற்றுப் பார்க்கும்போது அவளது இடது கண் மூக்குப் பக்கம் திரும்பியது. கண்டியில் கண் வைத்தியரிடம் காட்டினோம். மூன்று நாட்கள் கண்ணுக்கு மருந்து பூசி, கண்ணின் குவிக்கும் தசையைத் தளரவைத்த பின்னரே அளவு எடுத்தார்கள். இரு கண்களுக்கும் +5.00. தூரப்பார்வை கூடிய இப்படியான பிள்ளை, தெளிவாகப் பார்ப்பதற்காகக் கண்ணை ஓயாமல் குவிக்கிறது. அந்த முயற்சியே கண்ணை உள்ளே இழுக்கிறது. வில்லை அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டால் கண் நேராகும். அதற்குப் பிள்ளை வில்லைக்கு ஊடாகப் பார்க்க வேண்டும். பிரேமுக்கு மேலால் அல்ல.

பிரேமில் உள்ள மூன்று எண்கள்

பிரேமின் கையின் உட்புறத்தில் 40, 14, 115 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். முதலாவது ஒரு வில்லையின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம், மூன்றாவது கையின் நீளம். எல்லாம் மில்லிமீற்றரில். நாங்கள் முதலில் போன கடையில் தந்தது இந்த அளவுதான். "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா எடுங்க" என்றார் கடைக்காரர்.

கணக்கைப் பாருங்கள். அவளது இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் 46 மி.மீ. பிரேமில் ஒரு வில்லையின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 40 உடன் 14, அதாவது 54 மி.மீ. ஆகவே ஒவ்வொரு கண்ணும் வில்லையின் நடுவிலிருந்து 4 மி.மீ. உள்ளே நிற்கிறது. இதை ஈடுகட்ட வில்லையின் ஒளிமையத்தை உள்ளே தள்ளி வெட்டலாம். ஆனால் அதற்கு அகலமான வில்லை தேவை, +5.00 வில்லை அகலமானால் நடுவில் தடித்துப் பாரமாகும். அந்தப் பாரம் எழும்பாத மூக்கில் இறங்கும், கண்ணாடி வழுக்கும். தள்ளி வெட்டாமல் விட்டாலோ, பிள்ளை வில்லையின் ஓரத்தால் பார்க்கும்; காட்சி இடம் விலகித் தெரியும்.

பிறகு எடுத்த பிரேம் 36, 14 அளவிலானது. நடுவுக்கு நடு 50 மி.மீ.; விலகல் பக்கத்துக்கு 2 மி.மீ. மட்டுமே. வில்லை மெலிந்தது, பாரமும் குறைந்தது. வட்டமான சிறிய பிரேமைக் கேளுங்கள். வளர்ந்தால் புதிது எடுக்கலாம். முன்கூட்டியே பெரிதாக எடுக்கக் கூடாது.

வளையும் பிரேம்

ஆணியோ கீலோ இன்றி ஒரே வார்ப்பில் செய்த இறப்பர் போன்ற பிரேம்கள் கைக்குழந்தைக்கும் தவழும் பிள்ளைக்கும் நல்லவை. மடக்கினாலும் உடையாது, முகத்தைக் குத்தாது. ஆனால் கடையில் சூடாக்கி வளைத்துச் சரிசெய்ய முடியாது. ஆகவே அளவு ஆரம்பத்திலேயே பொருந்த வேண்டும். ஓடித் திரியும் பிள்ளைக்கு, வளையும் நைலோன் வகைப் பிரேமில் காதைச் சுற்றி வளையும் மெல்லிய கை இருந்தால் நல்ல பிடிப்புக் கிடைக்கும்.

வில்லை பொலிகாபனேற்றில் இருக்கட்டும்; விழுந்தாலும் சிதறாது. எளிதில் கீறல் விழும் என்பதால் கீறல் தடுப்புப் பூச்சுடன் கேளுங்கள். கண்ணாடியால் ஆன வில்லை சிறுபிள்ளைக்கு வேண்டாம்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

முன்னால் நின்று பாருங்கள். கண்மணி வில்லையின் நடுவுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பாலம் மூக்கின் மீது இடைவெளியின்றி அமர வேண்டும். சிரிக்கும்போது கன்னம் பிரேமைத் தூக்கக் கூடாது. கண்மயிர் வில்லையில் தட்டக் கூடாது.

பக்கத்தில் நின்று பாருங்கள். கை நெற்றிப்பொட்டை அழுத்தாமல் நேரே போய், காதின் மேல்நுனியில் வளைய வேண்டும். அதற்குப் பின்னால் வளைந்தால் கை நீளம், கண்ணாடி வழுக்கும். முன்னால் வளைந்தால் காதின் பின்புறம் புண்ணாகும்.

பின்பு ஒரு விளையாட்டுப் பொருளை நிலத்தில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். குனியும்போது மூக்கு நுனிக்கு வந்தால் அந்தப் பிரேம் சரியில்லை. பத்து நிமிடம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். இலேசான அடையாளம் சிறிது நேரத்தில் மறையும். ஆழமான சிவப்பு நீடித்தால் இறுக்கம்.

வில்லை வந்ததும் கடையில் உள்ள கருவியில் அளந்து, வைத்தியர் எழுதிய துண்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டிலும் ஓரளவு சோதிக்கலாம். கூட்டல் வில்லையைப் பத்திரிகைக்கு மேல் பிடித்தால் எழுத்துப் பெருக்கும். வில்லையை இடப்புறம் நகர்த்தினால் எழுத்து வலப்புறம் போகும். கழித்தல் வில்லையில் எழுத்துச் சிறுத்து, வில்லையோடு கூடவே நகரும். இதில் குறி மாறியதைக் கண்டுபிடிக்கலாம்; சரியான அளவைக் கருவிதான் சொல்லும்.

தலைப்பட்டி

பிரேம் சரியாகப் பொருந்திய பின்னர்தான் பட்டி. பொருந்தாத பிரேமைப் பட்டியால் இழுத்துக் கட்டினால், வில்லை கண்மயிரில் ஒட்டும், மூக்கில் தடம் விழும். பட்டிக்கும் தலைக்கும் இடையில் உங்கள் ஒரு விரல் எளிதாகப் போக வேண்டும். வாங்கக் கிடைக்காவிட்டால், தையல் கடை மெல்லிய இலாஸ்டிக்கின் இரு முனைகளையும் வளையமாகத் தைத்துக் கைகளில் கோத்துவிடலாம். வியர்வையில் தோல் சிவக்கும் என்பதால் இரண்டு தைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். நித்திரையின்போது கண்ணாடியையும் பட்டியையும் கழற்ற வேண்டும். பட்டி கழுத்துக்கு இறங்கினால் ஆபத்து. ஓடும் பிள்ளைக்குக் காதின் பின்னால் பிடிக்கும் சிலிக்கன் கொக்கியே பல வேளை போதும்.

கழற்றி எறிந்தால்

தூரப்பார்வைப் பிள்ளைக்குத் தன் கண்ணைக் குவித்துப் பார்த்தே பழக்கம். அந்தப் பழக்கம் தளரும் வரை கண்ணாடிக்கு ஊடாக மங்கலாகவே தெரியலாம். அதனால் முதல் நாட்களில் எறிவது இயல்பு. சாப்பாடு, கதை, படப்புத்தகம் என்று கவனம் வேறிடத்தில் இருக்கும் நேரத்தில், முன்னாலிருந்து இரு கைகளாலும் போட்டுவிடுங்கள். கழற்றினால் கோபமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். சிறிது நேரத்தில் மீண்டும் போடுங்கள். அக்கா வேலைக்குப் போகும் நேரத்தில் மகள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். அங்குள்ள ஆயாவுக்கும் போடும் முறையைக் காட்டி, ஈரத்துணியால் துடைக்கவும் சொல்லிக் கொடுத்தோம். அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுச் செல்லும் வீடுகளிலும் இதைச் செய்ய வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றியவுடன் கண் முன்னரை விட உள்ளே போவதாகத் தெரியும். கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். போட்டிருக்கும்போது கண் நேராக நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் முயன்றும் பிள்ளை முழுதாக மறுத்தால் அடம் என்று விடாதீர்கள். முதலில் காதின் பின்புறத்தையும் மூக்கையும் பாருங்கள், பின்பு வில்லையின் அளவைச் சரிபாருங்கள், பின்பு வைத்தியரிடம் போங்கள். தசையைத் தளர்த்தும் மருந்தைச் சில நாட்கள் கொடுத்துப் பிள்ளையைக் கண்ணாடிக்குப் பழக்கும் முறையும் உண்டு. அதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். கண்ணாடி போட்ட நிலையிலும் கண் திரும்பினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.