குற்றாலத்துக்கு ஒரு ஹேஷ்டேக்: அதில் ‘மிஸ்ஸிங்’ ஒளிஞ்சிருக்கா? செக் பண்ணுவது எப்படி?

தென்காசியில் ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் சீசன் களைகட்டும். அதையொட்டி சாரல் விழாவும் நடக்கும். இப்போதெல்லாம் விழா, கடைத் திறப்பு, விடுதி ஆஃபர் என எதுவாக இருந்தாலும் தனியாக ஒரு ஹேஷ்டேக் வேண்டும் என்கிறார்கள். பெயர் வைப்பது அஞ்சு நிமிஷ வேலைதான். அதை வேறு யாராவது எப்படிப் படிப்பார்கள் என்று பார்ப்பதுதான் பலரும் விட்டுவிடும் வேலை.

உதாரணத்துக்கு, ‘குற்றாலம் பாடுகிறது’ என்ற அர்த்தத்தில் ஒருவர் #KutralamIsSinging என்று வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போஸ்டரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலந்து இருப்பதால் அழகாகத்தான் தெரியும். ஆனால் போனில் டைப் பண்ணுபவர்கள் அப்படி அடிக்கமாட்டார்கள்.

#kutralamissinging

நடுவில் பாருங்கள். குற்றாலத்தின் கடைசி m, அடுத்து is, அதற்கடுத்து singing. மூன்றும் ஒட்டியதும் missing என்ற சொல் முழுசாக நிற்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்த ஊர் இது. அங்கே சுற்றுலா விளம்பரத்தில் இந்தச் சொல் தெரிந்தால் எப்படி இருக்கும்?

ஏன் இப்படி ஆகிறது?

ஹேஷ்டேக்கில் இடைவெளி விட முடியாது. சொல் எங்கே முடிகிறது என்று காட்டப் பெரும்பாலும் பயன்படுத்துவது பெரிய எழுத்தைத்தான். ஆனால் சமூக வலைதளங்கள் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. அதனால் பிரிக்கும் வேலை படிப்பவர் தலையில் விழுகிறது. பள்ளியில் படித்த பொதுமொழி மாதிரிதான்: ‘பலகை’ என்றால் மரப்பலகை, பிரித்தால் பல கை.

இதில் மாட்டிய பிரபல உதாரணம் 2012-ல் வந்தது. பிரிட்டன் பாடகி சூசன் பாயிலின் ஆல்பம் வெளியீட்டுக்காக #susanalbumparty என்று வைத்தார்கள். ‘சூசன் ஆல்பம் பார்ட்டி’ என்பதுதான் நோக்கம். வேறு இடத்தில் பிரித்தவர்களுக்கு அது படு கொச்சையாகத் தெரிந்தது, உலகமே சிரித்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் பிரிட்டன் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead பரவியது. அதை Now that Cher's dead என்று பிரித்த சிலர், பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று நினைத்து அதிர்ச்சியடைந்தார்கள். இரண்டுமே எழுத்துப்பிழை இல்லாத ஹேஷ்டேக்குகள்.

தமிழில் சிக்கல் வேறு மாதிரி

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது குறில், நெடில் வித்தியாசம் போய்விடும். ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒரே l ஆகிவிடும். #KutralamKuli என்று ஒரு சோப்புக் கடையோ விடுதியோ வைத்தால் அவர்கள் மனசில் இருப்பது ‘குளி’. படிப்பவர் அதை ‘குழி’ என்றும் படிக்கலாம், ‘கூலி’ என்றும் படிக்கலாம். சாலை மோசமாக இருக்கும் நேரம் என்றால் ‘குழி’யைப் பிடித்து மீம் போட ஆள் காத்திருக்கும்.

Vizha என்பதும் அப்படித்தான். விழா என்றும் படிக்கலாம், விழ என்றும் படிக்கலாம். #KutralamVizha ‘குற்றாலம் விழ’ ஆகிவிடும், வேண்டாம். அதுவே #SaralVizha என்றால்? இரண்டாவது அர்த்தம் ‘சாரல் விழ’. அது நல்லாத்தானே இருக்கு! இரட்டை அர்த்தம் வருகிறதே என்று எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்த இரண்டாவது அர்த்தம் யாரையாவது புண்படுத்துமா, கேலிக்கு இடம் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

தமிழ் எழுத்திலேயே வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். ஆனால் அங்கே சந்தி வந்து நிற்கும். இலக்கணப்படி #குற்றாலச்சாரல் என்று ‘ச்’ வர வேண்டும். பாதிப் பேர் அதை விட்டுவிட்டு #குற்றாலசாரல் என்று அடிப்பார்கள். மனிதருக்கு இரண்டும் ஒன்று, போனுக்கு இரண்டும் வேறு வேறு ஹேஷ்டேக். படங்கள் இரண்டு இடத்தில் சிதறிவிடும். இரண்டாவது சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. #சாரல்விழா அப்படிப்பட்ட ஒன்று. ஆனால் நடுவில் இடைவெளி விட்டால் #சாரல் மட்டும்தான் லிங்க் ஆகும். சின்னக் கோடு போட்டாலும் அங்கேயே அறுந்துவிடும்.

எப்படிச் சோதிப்பது?

முதலில் முழுக்கச் சின்ன எழுத்தில் அடித்து, ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் வெட்டிப் பாருங்கள். கண்ணுக்குப் பழகிவிட்டால் தெரியாது. உருவாக்கியவருக்கு நிச்சயம் தெரியாது. விவரம் சொல்லாமல் நாலைந்து பேரிடம் காட்டி ‘இது என்ன?’ என்று மட்டும் கேட்க வேண்டும். அதில் ஒருவர் கல்லூரி மாணவராக இருப்பது முக்கியம், ஏனென்றால் கொச்சை அர்த்தம் அவர்களுக்குத்தான் முதலில் தட்டுப்படும். குற்றாலத்துக்கு கேரளாவில் இருந்து நிறையப் பேர் வருவதால், ஒரு மலையாளியிடமும் காட்டிவிடலாம்.

அடுத்தது, எழுதியதைக் காட்டாமல் வாயால் சொல்லி டைப் பண்ணச் சொல்வது. ‘சாரல் விழா’ என்றதும் ஒருவர் Saral என்பார், இன்னொருவர் Saaral என்பார். Vizha ஒருவருக்கு Vila ஆகும். ஊர் பெயரே Courtallam, Kutralam, Kuttralam என்று மூன்று விதமாக வரும். அதிகம் பேர் அடிக்கும் ஸ்பெல்லிங்கை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், ‘சரியான’ ஸ்பெல்லிங்கை அல்ல.

மூன்றாவது, எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் என நான்கிலும் தனித்தனியாகத் தேடுவது. ஒன்றில் காலியாக இருப்பது இன்னொன்றில் யாரோ வைத்திருப்பதாக இருக்கலாம். வெறும் #Saral என்று தேடினால் சாரல் வராது. இந்தியில் சரல் என்றால் ‘எளிமையான’ என்று அர்த்தம். ஹரியானா அரசின் சேவை இணையதளத்துக்கே அந்தப் பெயர்தான். அதனால் தனியாக வேண்டாம், Vizha சேர்ந்தே இருக்கட்டும்.

பேனரில் எங்கே உடைகிறது?

போனில் தப்பித்தது ஃபிளெக்ஸில் மாட்டும். பஸ் ஸ்டாண்ட் பேனரில் இடம் போதாமல் #குற்றாலம் என்பதை இரண்டு வரியாக உடைத்தால், மேல் வரியில் ‘குற்றா’ மட்டும் நிற்கும். டி-ஷர்ட்டில் மடிப்பு விழும் இடத்திலும் இதே கதைதான். பிரிண்டிங்குக்குக் கொடுக்கும்போதே ‘ஹேஷ்டேக்கை உடைக்கக் கூடாது, எழுத்தைச் சின்னதாக்கினாலும் பரவாயில்லை’ என்று சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, குற்றாலத்துக்கே உரியது. மலையில் மழை வலுத்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். முன்கூட்டியே ஷெட்யூல் செய்த பதிவுகள் அது தெரியாமல் ‘வாங்க, குளிக்கலாம்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நேற்று வரை நல்ல அர்த்தம் தந்த ஹேஷ்டேக், வெள்ளச் செய்தியோடு சேர்ந்து ஓடும்போது கேட்கவே கூசும். அந்த நேரத்தில் பதிவுகளை நிறுத்தும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, அவர் ராத்திரி போனை எடுப்பாரா என்பதை விழா தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.